40 செக்கனை எங்கே எடுப்பது: ஏற்றத்திலா, சமதரையிலா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாதையொன்றில், ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் 4 கிலோமீற்றர் நீளமான ஒரு செக்மென்ட், அதாவது ஓடுபவர்களின் நேரங்களை வரிசைப்படுத்தும் பாதைத் துண்டு, இருக்கிறது. முதல் 1.5 கிலோமீற்றர் பெக்டரியடியிலிருந்து செங்குத்தாக ஏறுகிறது; மீதி 2.5 கிலோமீற்றர் தேயிலை மலையைச் சுற்றி ஏறத்தாழச் சமமாகச் செல்கிறது. அதில் என் நேரம் 25:20. பக்கத்து லயத்துத் தம்பியின் நேரம் 24:40. பேஸில், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு எடுக்கும் நேரத்தில், பார்த்தால் எனக்கு 6:20, அவனுக்கு 6:10. கிலோமீற்றருக்கு 10 செக்கன் என்பது கைக்கு எட்டும் தூரமாகத் தோன்றினாலும், பேஸ் வித்தியாசத்தைச் செக்மென்ட்டின் நீளத்தால் பெருக்கினால் மொத்தம் 40 செக்கன் வந்துவிடுகிறது.

இந்த 40 செக்கனை ஏற்றத்திலேயே எடுக்க நினைத்தால், அதை 1.5 ஆல் வகுக்க வேண்டும். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 27 செக்கன் குறைய வேண்டியிருக்கும். ஏற்றத்தில் என் பேஸ் 8:00 ஆகையால் அது 7:33 ஆக வேண்டும், அதாவது வேகம் கிட்டத்தட்ட 6 வீதம் கூட வேண்டும். அப்படி ஏறினால் மேலே போய்ச் சேரும்போதே மூச்சு வாங்கும். எடுத்த நேரம் சமதரையில் கரைந்துவிடும். சமதரையில் மட்டும் எடுப்பதானால் கிலோமீற்றருக்கு 16 செக்கன் போதும். ஆனால் அங்கே என் பேஸ் 5:20. அதை 5:04 ஆக்குவதற்கும் வேகம் 5 வீதத்துக்கு மேல் கூட வேண்டும். 27 உடன் ஒப்பிட 16 சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், உடம்புக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே சுமைதான்.

எல்லா இடத்திலும் 10 செக்கன் குறைப்பது நியாயமான பங்கீடாகத் தோன்றும், அதுவும் சமமானதல்ல. 8:00 இலிருந்து 10 செக்கன் குறைய வேகம் 2 வீதமளவு கூடினால் போதும், 5:20 இலிருந்து குறைய 3 வீதத்துக்கு மேல் கூட வேண்டும். ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ வேகத்தோடு சேர்ந்தே உயர்வதால், பங்கை வீதத்தில் பிரிப்பதையே நான் சரியென்று கருதுகிறேன். ஏற்றத்தில் கிலோமீற்றருக்கு 13 செக்கனைக் குறைத்தால் 19.5 செக்கன் கிடைக்கும்; சமதரையில் 8 செக்கனைக் குறைத்தால் 20 கிடைக்கும். கூட்டினால் 39.5, இன்னும் அரைச் செக்கன்தான் தேவை.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும்போது, ஓட்டத்தின் சுருக்கத்தில் தெரியும் பேஸை எடுக்கக் கூடாது. அது நகர்ந்த நேரத்தை வைத்துக் காட்டப்படலாம். செக்மென்ட் வரிசையோ நின்ற நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. சென்ற வாரம் வளைவொன்றில் கொழுந்து லொறிக்கு வழிவிட்டு 12 செக்கன் நின்றேன். 4 கிலோமீற்றருக்குப் பரப்பினால் அது கிலோமீற்றருக்கு 3 செக்கன். சமதரை முழுவதும் முயன்று சேர்த்த 20 செக்கனில் பாதிக்கு மேல் அந்த வளைவிலேயே போயிற்று.