மானியப் பயன்பாட்டுச் சான்றிதழில், இன்னும் பணம் தராத பில்லைச் செலவில் சேர்ப்பதா, மீதியில் காட்டுவதா?

மத்திய அரசு மானியம் 10,00,000 ரூபாய். மார்ச் 31 வரை நிறுவனம் செலவுக்குக் கொடுத்தது 9,20,000. கருவிக்கான 60,000 ரூபாய் பில் இன்னும் பாக்கி. வங்கி வட்டி 18,000.

பில்லையும் சேர்த்து 9,80,000 செலவு என்று எழுதினால் மீதி 20,000தான். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வட்டியோடு 38,000 இருக்க வேண்டிய வங்கிக் கணக்கில் 98,000 இருக்கும். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அந்த 60,000 வித்தியாசத்தைத்தான்.

கொடுத்ததை மட்டும் எழுதினால் மீதி 80,000, வட்டி 18,000. பாஸ்புக்கோடு அப்படியே பொருந்தும். என் தேர்வு இதுதான். பில்லை, கொடுக்க வேண்டிய தொகையாக நிதி அறிக்கையில் தனியே காட்டி, மீதியிலிருந்து அதைக் கொடுக்க மானியம் தந்த துறையிடம் அனுமதி கேளுங்கள். அனுமதி வராவிட்டால் அந்தச் சுமை நிறுவனத்துக்குத்தான். வட்டியை எப்படியும் இந்தியத் தொகுப்பு நிதிக்கே செலுத்த வேண்டும். பில்லுக்கு எடுக்கக் கூடாது.