கத்திப் பிடியைத் திருத்தக் கொடுத்து 1,800 ரூபாயை இழந்தேன்

நேற்று மாலை பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, கத்தி பிடிக்குள் திரும்பி என் ஆட்காட்டி விரலைக் கீறிவிட்டது. காயம் சிறியதுதான், ஆனால் பத்து நாட்களுக்கு முன்னர் அதே பிடியை இறுக்குவதற்காக மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு திருத்தும் கடையில் 1,800 ரூபாய் கொடுத்தவள் நான் என்பதால், ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே கத்தியின் வால் கடைசிவரை ஓடுகின்ற, அம்மா பாவித்த பழைய கத்தி அது. "எப்பொக்சிப் பசை வைத்து, பித்தளை ஆணி போட்டுத் தாறன், தங்கச்சி, இனி ஆடாது" என்று சொன்ன கடைக்காரர், பித்தளைக் கம்பியொன்றை என் கையிலேயே தந்து காட்டினார். அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் நம்பினேன். அரை மணித்தியாலத்தில் கத்தி திரும்பி வந்தபோது, கெதியாக முடித்துவிட்டாரே என்று மகிழ்ந்தேன்.

இன்று காலை கல்லடியில் தச்சு வேலை செய்யும் மாமா பிடியைக் கழற்றினார். உள்ளே எப்பொக்சி இல்லை. சூப்பர் குளூவும் மரத்தூளும் கலந்து அடைத்திருந்தார்கள். அந்தப் பசை இறுகியபின் நொறுங்கும் தன்மையுடையது. முள்ளில் கத்தி மோதும் அதிர்வையும் கழுவும் தண்ணீரையும் அது நெடுநாள் தாங்காது. வாலிலிருந்த துருவைச் சுரண்டாமலே பூசியதால், பசை துருவோடு சேர்ந்து தகடாகக் கழன்று வந்தது. 5 மில்லிமீற்றர் துளைக்குள் 3 மில்லிமீற்றர் இரும்பாணியை விட்டு, தலைக்கு மட்டும் மஞ்சள் பூச்சுப் பூசியிருந்தார்கள். காந்தத்தை வைத்ததும் ஒட்டிக்கொண்டது. பசை உடைந்ததும், துளைக்குள் ஆணி ஆடாமல் என்ன செய்யும்?

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் "முதலாளி இல்லை" என்றார்கள். பின்னர் "தண்ணிக்குள்ள ஊறப் போட்டிருப்பீங்க" என்று என் தலையிலேயே கட்டினார்கள். நேரில் போனபோது, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் தராத சீட்டை நான் எங்கிருந்து எடுப்பது? 1,800 ரூபாயில் ஒரு சதமும் திரும்பவில்லை.

மாமா இப்போது வாலையும் மரத்தின் உட்பக்கத்தையும் அரத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெதுவாக இறுகும் எப்பொக்சியைப் பூசி, துளைக்குச் சரியான பித்தளை ஆணிகளை இறக்கியிருக்கிறார். கிடுக்கியை அளவாகவே முறுக்கினார். மிகையாக முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடுமாம். நாளை மாலைவரை தொடக்கூடாது என்பது அவர் கட்டளை.

விரல் வலிக்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பூசும் பசையின் குழாயைக் கேட்டுப் பாருங்கள். ஆணியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது என்றால், காசைக் கொடுக்காதீர்கள்.