மகளின் ஆயுளுக்கும் வருமானம்: ஆன்யுட்டியா, அறக்கட்டளையா?

பாளையங்கோட்டையில் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு வயது 25, அறிவுத்திறன் குறைபாடு. கையிருப்பு 40 லட்சம்.

மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, மகளின் ஆயுள்வரை மாதாமாதம் ஒரே தொகை தரும் காப்பீட்டுத் திட்டமான ஆன்யுட்டியில் முழுவதையும் போட்டால், 6.5 சதவீதம் என்று வைத்தால்கூட, மாதம் சுமார் 21,600 ரூபாய் வரும். சந்தை சரிந்தாலும் குறையாது. ஆனால் ஏறவும் ஏறாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அவளுக்கு 37 வயதாகும்போது அந்தப் பணத்தின் மதிப்பு பாதி, 49 வயதில் கால்வாசி. அவசரச் சிகிச்சைக்கு அசலை எடுப்பதும் எளிதல்ல.

அதே தொகையை, மகளின் நலனுக்காகவே பத்திரம் எழுதி அமைக்கும் தனியார் அறக்கட்டளையில் வைத்து, வைப்பு நிதியிலும் பங்குச்சந்தை நிதியிலும் பிரித்துப் போடலாம். முதல் ஆண்டு 4 சதவீதம், அதாவது மாதம் 13,300 மட்டும் எடுத்து, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பக் கூட்டலாம். தொடக்கத்தில் குறைவுதான். இங்கே ஆபத்து சந்தையைவிட அறங்காவலர்தான். “அண்ணன் பார்த்துக்கொள்வான்” என்று அவன் ஒருவனை மட்டும் போடாதீர்கள். வெளியாள் ஒருவரும், ஆண்டுக் கணக்குத் தணிக்கையும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பயனாளியின் பெயரையும் பங்கையும் தெளிவாக எழுதாவிட்டால் உச்ச விகித வருமான வரி விழலாம்.

நானாக இருந்தால் சாப்பாட்டுச் செலவுக்கு 15 லட்சத்தை ஆன்யுட்டியிலும், மீதியை அறக்கட்டளையிலும் போடுவேன். எதுவானாலும், 18 வயது கடந்தவளுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.