ப்ரமோஷன் வந்தாச்சு: ரெக்ரூட்டரிடம் ‘நிறுத்தி வையுங்கள்’ என்பதா, ‘விலகிக்கொள்கிறேன்’ என்பதா?

செவ்வாய் இரவு எட்டரை மணிக்கு, என் மூலம் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பின்னால் எம்ஆர்டி ரயில் கதவு மூடப்போகும் எச்சரிக்கை ஒலி கேட்கிறது. “அக்கா, இன்னைக்கு மேனேஜர் கூப்பிட்டு சீனியர் ஆக்கியாச்சுன்னு சொல்லிட்டாரு. வியாழக்கிழமை இன்டர்வியூவக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க முடியுமா?”

சிங்கப்பூரில் ஆள்சேர்ப்பு ஏஜென்சியில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். இந்தக் ‘கொஞ்ச நாள்’ என் காதில் விழாத மாதம் குறைவு. கேட்பவர் மனத்தில் அது மூன்று மாதம். என் மனத்தில் அது வெள்ளிக்கிழமை வரை. வேலை தரப்போகிற நிறுவனத்தின் மனத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை, ஏனென்றால் காலியிடம் நிற்காது. நிற்பது நீங்கள் மட்டும்தான். வியாழன் மூன்று மணிக்கு உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் அடுத்தவர் உட்காருவார்.

இந்த நிலையில் ஒருவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எதுவும் சொல்லாமல் இன்டர்வியூவுக்குப் போய்விடுவது, நிறுத்தி வைக்கச் சொல்வது, விலகிக்கொள்வது. இந்தத் தம்பியின் கணக்கையே வைத்து மூன்றையும் பார்க்கலாம். மென்பொருள் சோதனைப் பொறியாளர். அடிப்படைச் சம்பளம் 6,200 வெள்ளி. புது இடத்தில் எதிர்பார்ப்பதாக என்னிடம் சொன்னது 7,500. அந்த நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்சம் 7,800 என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் வாயால் சொன்ன புதுச் சம்பளம் 6,900.

முதலில் சொல்லாமல் போகும் வழி. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம், காரணமும் புரிகிறது: ‘போய்ப் பார்ப்போம், நல்ல ஆஃபர் வந்தால் யோசிக்கலாம்’. கடைசிப் படியில்தான் இது இடிக்கும். இங்கே பல நிறுவனங்கள் ஆஃபருக்கு முன் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கும். நான் 6,200 என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சீட்டில் 6,900 இருக்கிறது. உங்கள் சம்பளம் கூடியது யாருக்கும் பிரச்சினை இல்லை. ‘இவர் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?’ என்பதுதான் பிரச்சினை. அதோடு 6,200-லிருந்து 7,500-க்குப் போவது 21 சதவீத உயர்வு. 6,900-லிருந்து அதே 7,500 வெறும் 8.7 சதவீதம். அந்த எட்டே முக்காலுக்காக, இப்போதுதான் ஏற்றிவிட்ட இடத்தை விட்டுப் போவீர்களா? பெரும்பாலானவர்கள் போவதில்லை. ஆஃபர் கடிதம் கையில் வந்த பிறகு ‘மன்னிக்கணும்’ என்பார்கள். அப்போது நான்கு பேரின் மூன்று வாரம் வீணாகியிருக்கும்.

சொல்லிவிட்டுத் தொடர்வது வேறு விஷயம், அது நேர்மையான வழிதான். ஆனால் அப்போது எதிர்பார்ப்பையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 6,900-க்கு மேல் 20 சதவீதம் என்றால் 8,280. உச்சம் 7,800 என்கிற இடத்தில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இனி ‘நிறுத்தி வையுங்கள்’. ஏஜென்சி பக்கம் இந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆளை எடுத்தால்தான் எங்களுக்குக் கூலி, அதுவும் அவர் வேலையில் சேர்ந்த பிறகுதான். கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 7,500 வெள்ளி மாதச் சம்பளத்துக்கு 18,000 வெள்ளி. நீங்கள் ‘நிறுத்தி வையுங்கள்’ என்றதும் ரெக்ரூட்டரின் மனத்தில் ஓடுவது இந்தத் தொகைதான். அதனால் இரண்டு எதிர்வினை வரும். ஒன்று, ‘சும்மா போயிட்டு வாங்க, என்ன நஷ்டம்?’. இரண்டு, ‘எவ்வளவு கொடுக்கிறாங்க, சொல்லுங்க, நான் கிளையன்ட்ட பேசுறேன்’. இரண்டாவதைக் கேட்டால், நீங்கள் சொன்னதை அவர் பேரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம். பேரம் உங்கள் நோக்கமில்லை என்றால் புதுச் சம்பளத்தைச் சொல்லாதீர்கள். சொன்னால் அன்று மாலையே அது கிளையன்ட்டின் மேசையில் இருக்கும்.

தேதி சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கும்? கிளையன்ட்டிடம் நாங்கள் ‘ஆள் விலகிவிட்டார்’ என்றே சொல்வோம், ஏனென்றால் அவர்களின் பட்டியலில் ‘யோசிக்கிறார்’ என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் எங்கள் பட்டியலில் நீங்கள் அப்படியே இருப்பீர்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வில்லங்கம் உண்டு. ஒருவரை ஒரு நிறுவனத்துக்கு அறிமுகம் செய்த ஏஜென்சிக்கு, அதன் ஒப்பந்தத்தைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்த அறிமுகத்தின் மேல் உரிமை இருக்கும். நாலு மாதம் கழித்து நீங்களே நேரடியாக அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், ‘இவர் எங்கள் ஆள்’ என்று ஏஜென்சி கட்டணம் கேட்கலாம். அந்தச் சிக்கல் வேண்டாம் என்று நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடவும் கூடும். விலகினாலும் இந்த உரிமை போய்விடாது. ஆனால் எழுத்தில் விலகியிருந்தால் என்றைக்கு விலகினீர்கள் என்பது பதிவில் இருக்கும், அப்புறம் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.

ஆக, விலகுவதா? பெரும்பாலான நேரம் ஆமாம் என்பேன், ஒரு நிபந்தனையோடு: ப்ரமோஷன் கடிதம் கையில் இருக்க வேண்டும். தம்பிக்கு நான் திருப்பி அனுப்பியது ஒரே கேள்வி. “லெட்டர் கையில இருக்கா?”

இல்லை. மேனேஜர் வாயால் சொன்னார், மனிதவளத் துறை அடுத்த வாரம் கடிதம் தரும். அப்படியென்றால் அவருக்கு இன்னும் ப்ரமோஷன் ஆகவில்லை. ஆகப்போகிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கடிதம் வந்ததும் அதில் பார்க்க வேண்டியவை மூன்று. அமலுக்கு வரும் தேதி, சம்பளம், நோட்டீஸ் காலம். நோட்டீஸைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. சிங்கப்பூரில் நோட்டீஸ் காலம் ஒப்பந்தப்படிதான். வேலைவாய்ப்புச் சட்டத்தில் உள்ள ஒரு நாள் முதல் நான்கு வாரம் வரையிலான கணக்கு, ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாதபோதுதான் வரும். பதவி உயரும்போது ஒரு மாதம் இரண்டு மாதமாகிவிடுவது சாதாரணம். கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து, உங்களை எடுக்க நினைக்கும் எந்த இடமும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

கடிதம் இன்னும் கைக்கு வராத இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் ‘நிறுத்தி வையுங்கள்’ சரியான சொல், தேதி போட்டு. ஒரு வாரத்தை எந்தக் கிளையன்ட்டும் பொறுத்துக்கொள்வார். காய்ச்சல் என்று சொன்னாலும் அவ்வளவு கொடுக்கத்தான் செய்வார்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினால் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

முதலில் போன், அப்புறம் எழுத்து என்ற வரிசையைத்தான் நான் விரும்புவேன். போனில் சொன்னால் கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் கிளையன்ட்டுக்கு நான் அனுப்ப எழுத்து வேண்டும், அதனால் வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். தம்பி அனுப்பிய ஆங்கில இமெயில் தமிழில் இப்படி வரும்: “இப்போதைய அலுவலகத்தில் எனக்கு ஒரு பதவி மாற்றம் பேசப்படுகிறது. எழுத்தில் வந்ததும் முடிவு செய்ய விரும்புகிறேன். வியாழக்கிழமைச் சந்திப்பை அடுத்த புதன்கிழமைக்கு மாற்ற முடியுமா? திங்கட்கிழமை மாலைக்குள் தொடர்கிறேனா இல்லையா என்று உறுதி சொல்கிறேன். அதற்குள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் புரிந்துகொள்கிறேன்.” தொகை இல்லை, கதை இல்லை. கடைசி வரி இருந்ததால்தான் கிளையன்ட் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டராக இருந்தால் கணக்கு இன்னும் லேசானது. அவருக்கு 18,000 வெள்ளிக் கவலை இல்லை, நாசூக்காக விலகியவரை அடுத்த வருடம் அவரே கூப்பிடுவார். வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கட்டும். அந்த பாஸ் ஒரே முதலாளியோடு கட்டுண்டது. புது இடம் மனிதவள அமைச்சிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் பொதுவாக மைகெரியர்ஸ்ஃப்யூச்சர் என்ற அரசு வேலைத்தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் போட்டிருக்க வேண்டும். இவ்வளவையும் செய்து விண்ணப்பமும் போட்ட பிறகு ‘நிறுத்தி வையுங்கள்’ என்றால் அது நிறுத்தமில்லை, கைவிரிப்பு. அந்தப் பேச்சை ஆஃபருக்குக் கையெழுத்துப் போடும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

தம்பிக்குத் திங்கள் மதியம் கடிதம் வந்தது. சம்பளம் 6,900 இல்லை, 6,500. நோட்டீஸ் இரண்டு மாதம். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார், குரல் இறங்கியிருந்தது. கையெழுத்துக்கு வெள்ளி வரை அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார். 6,500-லிருந்து 7,500 என்பது 15 சதவீதம், போய்ப் பார்க்கலாம் என்று இருவருக்கும் பட்டது. புதுச் சம்பளத்தையும் நோட்டீஸையும் அன்று மாலையே கிளையன்ட்டுக்கு எழுதினேன்.

புதன்கிழமை போனார். நன்றாகத்தான் செய்திருக்கிறார், ஆனால் வியாழனன்று அவருடைய நேரத்தில் உட்கார்ந்த இன்னொருவரை எடுத்துவிட்டார்கள். தம்பி வெள்ளிக்கிழமை கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, சீனியராக அங்கேயே இருந்துவிட்டார். ஒரு வருடம் கழித்து மறுபடி குரல் பதிவு வந்தது. இந்த முறை முதல் வரியே, “அக்கா, லெட்டர் கையில இருக்கு.”