ஒரே ஆலை, 2 லாபம்: அப்சார்ப்ஷனா, வேரியபிளா?

சேலத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றைக் கற்பனை செய்வோம். உற்பத்தி 10,000 மூட்டை, விற்பனை 8,000. மூட்டை விலை ரூ.3,200, மாறும் செலவு ரூ.2,500, ஆலையின் நிலைச்செலவு ரூ.20 லட்சம். ஆரம்ப இருப்பு இல்லை.

நிலைச்செலவைக் கணக்கில் சேர்க்க இரண்டு முறைகள் உண்டு. வேரியபிள் முறையில் 20 லட்சமும் இந்த ஆண்டிலேயே கழியும்; விற்ற 8,000 மூட்டைக்கு ரூ.700 வீதம் 56 லட்சம், லாபம் 56 − 20 = 36 லட்சம். அப்சார்ப்ஷன் முறையில் மூட்டைக்கு ரூ.200 நிலைச்செலவு ஏறும். லாபம் 40 லட்சம். வித்தியாசமான 4 லட்சம் எங்கே? கிடங்கில் கிடக்கும் 2,000 மூட்டைக்குள் இருக்கிறது.

பலர் சறுக்குவது அடுத்த ஆண்டில்தான். நிலைச்செலவு 25 லட்சமாகிறது. உற்பத்தி 10,000, விற்பனை 11,000. இருப்பு 1,000 குறைந்ததால் 1,000 × 250 என்று போட்டால் கணக்கு இடிக்கும். பழைய சரக்கு முதலில் விற்றதாகக் கொண்டால், ஆரம்ப இருப்பில் 4 லட்சம், இறுதி இருப்பில் 2.5 லட்சம், அப்சார்ப்ஷன் லாபம் வேரியபிளைவிட 1.5 லட்சம் குறைவு. எண்ணிக்கை வித்தியாசத்தைப் பெருக்காமல், இரு இருப்பிலும் உள்ள நிலைச்செலவைத் தனித்தனியே எடுத்துக் கழியுங்கள்.

வெளியாருக்குக் காட்டும் கணக்குக்கு, இருப்பு மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான ஏ.எஸ். 2 அப்சார்ப்ஷனைத்தான் கேட்கிறது. ஆனால் அந்த முறையில் விற்காமல் குவித்தாலே லாபம் ஏறுவதால், ஆலைக்குள் முடிவெடுக்க நான் வேரியபிளையே நம்புவேன்.