அழைப்பு நிலுவைக்குத் தனிக் கணக்கு வேண்டுமா, வேண்டாமா?

பங்கு வெளியீட்டுக் கணக்கில் யாராவது ஒதுக்கீட்டுப் பணமோ அழைப்புப் பணமோ கட்டாமல் விட்டால் இரண்டு வழி உண்டு. கட்டாத தொகையை அழைப்பு நிலுவைக் கணக்கு என்று தனியாகத் திறந்து அதில் பற்று வைப்பது ஒன்று. எதுவும் திறக்காமல், வந்த பணத்தை மட்டும் எழுதி, மீதி அந்தந்த ஒதுக்கீட்டு, அழைப்புக் கணக்கிலேயே பற்று இருப்பாக நிற்கட்டும் என்று விடுவது இன்னொன்று. மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வியிலேயே நிலுவைக் கணக்கைத் திற என்று இருந்தால் பேச்சில்லை, திறந்துதான் ஆக வேண்டும்.

ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். ரூ.10 முகமதிப்புள்ள 10,000 பங்குகள், ரூ.2 பிரீமியத்தில். விண்ணப்பத்தோடு 3, ஒதுக்கீட்டில் பிரீமியம் சேர்த்து 5, முதல் அழைப்பு 2, இறுதி அழைப்பு 2. 12,000 பங்குகளுக்கு விண்ணப்பம் வந்தது, 2,000 பங்குகளுக்கானது நிராகரிக்கப்பட்டது. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வங்கி ப 36,000, பங்கு விண்ணப்பம் வ 36,000. பிறகு விண்ணப்பக் கணக்கில் 36,000 பற்று வைத்து, பங்கு முதலுக்கு 30,000, திருப்பிக் கொடுத்ததற்கு வங்கியில் 6,000 வரவு. ஒதுக்கீட்டில் 50,000 பற்று. பங்கு முதல் 30,000, பிரீமியத்துக்கான பத்திர முனைமம் 20,000 வரவு. இதுவரை இரண்டு வழியும் ஒன்றுதான்.

இப்போது 100 பங்கு வைத்திருக்கும் ரவி ஒதுக்கீட்டிலிருந்தே ஒன்றும் கட்டவில்லை. 300 பங்கு வைத்திருக்கும் சேகர் இறுதி அழைப்பை மட்டும் கட்டவில்லை. நிலுவை: ஒதுக்கீட்டில் 500, முதல் அழைப்பில் 200, இறுதி அழைப்பில் 800. மொத்தம் 1,500. தனிக் கணக்கு திறந்தால் ஒதுக்கீட்டுப் பணம் வரும்போது வங்கி ப 49,500, அழைப்பு நிலுவை ப 500, ஒதுக்கீடு வ 50,000 என்று போகும். அழகாகத்தான் இருக்கிறது, ஒதுக்கீட்டுக் கணக்கு நேராகிவிடும், இருப்புநிலைக் குறிப்பில் கழித்துக் காட்ட 1,500 ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த வசதியை மறுக்க முடியாது.

ஆனால் பணம் கட்டாததற்காக இருவரின் 400 பங்குகளையும் பறித்து ஒறுப்பிழப்பு செய்யும்போதுதான் சிக்கல். பிரீமியம் வராத பங்குக்கு மட்டுமே பத்திர முனைமக் கணக்கைப் பற்று வைக்க வேண்டும். வந்துவிட்ட பிரீமியத்தைத் தொடக்கூடாது. ஆக ரவியின் 100 பங்குக்கு 200 மட்டும். சரியான பதிவு இது:

பங்கு முதல் ப 4,000
பத்திர முனைமம் ப 200
ஒதுக்கீடு வ 500
முதல் அழைப்பு வ 200
இறுதி அழைப்பு வ 800
பங்கு ஒறுப்பிழப்பு வ 2,700

கணக்குத் திறந்திருந்தால் நடுவிலுள்ள மூன்று வரிகள் "அழைப்பு நிலுவை வ 1,500" என்று ஒரே வரியாகிவிடும். அந்த 1,500-ஐப் பார்த்து யாருக்குப் பிரீமியம் பாக்கி என்று சொல்ல முடியாது. அவசரத்தில் 400 பங்குக்கும் 2 வீதம் 800 பற்று வைத்துவிடுவார்கள், ஒறுப்பிழப்பு 3,300 ஆகும். பற்றும் வரவும் பொருந்தும், இருப்பாய்வும் ஒத்துப்போகும். இதில் இன்னொரு கண்ணி: ரவியும் சேகரும் மொத்தமாகக் கட்டியதும் 300 + 3,000 = 3,300தான், சரிபார்த்தால் தப்பே சரி மாதிரித் தெரியும்! சேகர் கட்டியதில் 600 பிரீமியம், அது முனைமக் கணக்கிலேயே இருக்க வேண்டியது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்றே கட்டுப்படுத்துகிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி, பதிவுக்குப் பின் முனைமக் கணக்கின் இருப்பு பிரீமியம் உண்மையில் வந்த 9,900 பங்குகளுக்கு 2 வீதம் 19,800 இருக்கிறதா என்பதுதான். 19,200 என்றால் சேகரின் பணத்தைத் தவறாக எடுத்துவிட்டீர்கள்.

தனிக் கணக்கு திறக்காவிட்டால் ஒதுக்கீட்டுக் கணக்கில் நிற்கும் 500 கண்ணில் படும். பங்குக்கு 5 என்றால் 100 பங்கு, அதனால் பிரீமியப் பாக்கியும் 100 பங்குக்குத்தான் என்று அங்கேயே தெரியும். நிலுவைக் கணக்கின் பேரேட்டிலும் தேதிவாரியாக மூன்று வரி இருக்கும் என்பது உண்மை, அதைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த வாதம் கொஞ்சம் பலவீனம்தான்.

பங்குதாரர் வாரியாகப் பட்டியல் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் நிலுவைக் கணக்கே வசதி என்று வாதாடினால் நான் எதிர்க்கமாட்டேன், என் அனுபவம் வகுப்பறையோடு முடிகிறது. ஆனால் 2020-இல் ரிலையன்ஸ் வெளியிட்ட உரிமைப் பங்குகளை நினைத்துப் பாருங்கள்: முகமதிப்பு 10, விலை 1,257, விண்ணப்பத்தோடு 314.25, 2021 மே மாதம் 314.25, நவம்பரில் 628.50. முகமதிப்பு வெறும் 10 என்பதால் ஒவ்வொரு தவணையிலும் பெரும்பகுதி பிரீமியம்தான். அப்படிப்பட்ட வெளியீட்டில் ஒருவர் கடைசித் தவணையை மட்டும் விட்டால், எந்தத் தவணையில் எவ்வளவு பிரீமியம் வராமல் நிற்கிறது என்று தனித்தனியாகத் தெரியாமல் ஒறுப்பிழப்புப் பதிவைத் தொடவே முடியாது.