குளத்துத் தண்ணீருக்கு வலையா, டிஸ்க்கா, மணலா?

நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் என் மச்சான் இரண்டு ஏக்கரில் மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறார். தண்ணீர் ஒரு பழைய மீன் குளத்திலிருந்து வருகிறது. சொட்டுநீர்க் குழாய் போட்ட வருடம், கடைக்காரர் 120 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை வைத்த ஸ்கிரீன் வடிகட்டி ஒன்றைக் கொடுத்து "இது போதும்" என்று சொல்லி அனுப்பினார். பிப்ரவரி வெயிலில் குளம் பச்சையானது. மூன்றே வாரத்தில் வரிசைகளின் கடைசியில் இருந்த செடிகள் வாட ஆரம்பித்தன. குழாயைப் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சைக் கஞ்சி. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம், வலையில் ஓர் ஓட்டைகூட இல்லை. பிறகு எப்படி உள்ளே போனது?

பாசி மெத்தென்றது. மணல் துகள் வலையில் முட்டி நிற்கும், பாசி அப்படி நிற்காது. வலை அடைபட அடைபட இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடும். அந்த அழுத்தத்தில் பாசி இடியாப்ப அச்சில் மாவு பிழிவதைப் போல வலைக்குள் பிழிந்துகொண்டு மறுபக்கம் போய்விடும், அங்கே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரீன் வடிகட்டியை நான் குறை சொல்லவில்லை. குழாய்த் தண்ணீருக்கும், கொஞ்சம் மணல் மட்டும் வருகிற கிணற்றுக்கும் அதுதான் மலிவு, அதுதான் சரி. வெயில் படும் குளத்துக்கு அதைத் தனியாக வைப்பது வீண். இந்தக் கட்டுரையில் அதற்கு இவ்வளவு போதும்.

உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழும். வண்டல் இறங்கச் சில மணி நேரமாகும். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அது களிமண், அதை வலை, டிஸ்க், மணல் என்ற இந்த மூன்று வடிகட்டிகளில் எதுவும் பிடிக்காது. மேலே பச்சையாக மிதந்தாலோ ஓரத்தில் ஒட்டினாலோ பாசி. எங்கள் ஜாடியில் பாசி நிறையவும் களி கொஞ்சமும் இருந்தன.

இனி உண்மையான போட்டி டிஸ்க்குக்கும் மணலுக்கும்தான். அதற்கு முன் தோட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவைத் தீர்மானித்தது அதுதான். பாத்திக்குப் பாத்தி ஒன்றரை மீட்டர் என்பதால் மொத்தம் 5,400 மீட்டர் குழாய். 30 செண்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவாய், ஒவ்வொன்றும் மணிக்கு 1.6 லிட்டர். எல்லாம் சேர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 29 கன மீட்டர் ஆகிறது. பம்பு அவ்வளவு தராது, அதனால் மூன்று பகுதிகளாகப் பிரித்தோம். ஒரு பகுதிக்கு மணிக்கு 10 கன மீட்டர், 60 மீட்டர் நீளத்தில் 30 குழாய்கள். பம்பு இதை 2 பார் அழுத்தத்தில் தருகிறது, அதற்கு மேல் கேட்டால் அழுத்தம் விழுந்துவிடும்.

டிஸ்க் வடிகட்டியில் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் வளையங்கள் அடுக்கடுக்காக அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே அந்தப் பள்ளங்கள் குறுக்கிடும் இடங்களின் வழியே நுழைகிறது. வலையில் ஒரே ஒரு பரப்புதான், இங்கே ஆழம் இருக்கிறது, அதனால் பாசி ஓரளவு சிக்குகிறது. 120 மெஷ், அதாவது 130 மைக்ரான் வளையம் இந்த மாதிரி சொட்டுவாய்களுக்குப் பொருந்தும். 2 அங்குல வடிகட்டி ஒன்றுக்கு மணிக்கு 20 கன மீட்டருக்கு மேல் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். அது சுத்தமான தண்ணீருக்கான எண். பச்சைத் தண்ணீர் என்றால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மறு வருடம் டிஸ்க்குக்கு மாறினோம். குழாய்க்குள் கஞ்சி குறைந்தது, உண்மை. ஆனால் பிப்ரவரியில் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை வடிகட்டி அடைத்தது. தினமும் நாலு மணி நேரம் தண்ணீர் விடுகிற தோட்டத்தில் ஆறு தடவை மூடியைத் திறந்து, வளையங்களைத் தளர்த்தி, ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டியிருந்தது. மச்சான் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தார். அப்புறம் நாளைக்கு ஒரு தடவையானது, அப்புறம் ஞாபகம் வரும்போது. அவரைத் திட்டிப் பயனில்லை, ஆறு தடவை யாரும் கழுவமாட்டார்கள். தானாகவே கழுவிக்கொள்ளும் டிஸ்க் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வளையங்களைப் பிரித்துச் சுழற்றிக் கழுவ அதற்கு ஏறக்குறைய 3 பார் தேவை. எங்களிடம் இருப்பது 2 பார். விற்பவர் இதை முதலில் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மணல் வடிகட்டிக்கு வருவோம். பாசிக்கு இதைவிட நல்லது இந்த மூன்றில் இல்லை. உடைத்த சிலிக்கா மணலின் கூரான முனைகளுக்கு இடையே பாசி சிக்கி, மணல் படுகைக்குள் ஆழத்திலும் தங்குகிறது. 16ஆம் எண் என்று விற்கும் மணல் 150 மெஷ் வலைக்குக் குறையாமல் பிடிக்கும். "பத்து ஃபெரிங்கியில் ரெண்டு கோணி அள்ளி வந்தா ஆகாதா?" என்று மச்சான் கேட்டார். ஆகாது. கடற்கரை மணல் உருண்டையானது, அளவும் ஒன்றுபோல இருக்காது. பொடி மணல் முதலில் கழுவிக்கொண்டு போகும், மீதி இறுகிவிடும். உப்பும் கிளிஞ்சலும் வேறு.

மணலின் பிரச்சினை கழுவுவதில்தான். தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளி, மணல் படுகை தளர்ந்து எழும்பும்படி செய்ய வேண்டும், அதுதான் பேக்வாஷ். அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பதால் குறைந்தது இரண்டு தொட்டிகள் இருக்க வேண்டும். ஒன்று வடிகட்டித் தருகிற தண்ணீரால் மற்றது கழுவப்படும். 20 அங்குலத் தொட்டி ஒன்றைக் கழுவ மணிக்கு 7 கன மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எங்கள் பம்பின் முக்கால் பங்கு அங்கேயே போய்விடும். 16 அங்குலம் என்றால் மணிக்கு 5 கன மீட்டருக்குள் முடிகிறது. இரண்டு 16 அங்குலத் தொட்டிகள் சேர்ந்து 10 கன மீட்டரைத் தாராளமாக வடிகட்டும். கழுவும்போது மட்டும் பாசன வால்வை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாத் தண்ணீரும் ஒரே தொட்டி வழியாகப் பாய்ந்து அழுக்கை அடியில் தள்ளிவிடும். ஒரு தொட்டிக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். "பெரிய தொட்டி ஒன்னு வாங்கினா நல்லதுதானே" என்கிற யோசனை இங்கே தலைகீழாகிறது: கழுவ முடியாத பெரிய தொட்டி கொஞ்ச நாளில் வெறும் சேற்றுப் பானை.

ஆகவே நாங்கள் 16 அங்குல மணல் தொட்டி இரண்டை வைத்து, பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் அவற்றுக்குப் பின்னால் மாட்டினோம். உரம் செலுத்தும் இடம் இரண்டுக்கும் நடுவில். கழுவும்போது உரப் பம்பு நின்றிருக்க வேண்டும். தொட்டியிலிருந்து மணல் தப்பி வந்தாலும், உரத்தில் கரையாத கட்டி இருந்தாலும் டிஸ்க் பிடிக்கும். இப்போது டிஸ்க்கை வாரம் ஒரு முறை திறந்தால் போதும், மணலை வெயில் காலத்தில் நாளுக்கு ஒரு தடவை கழுவினால் போதும். உங்கள் பம்பு இதற்கும் சின்னது என்றால் மணலை மறந்துவிட்டு, கையால் கழுவும் டிஸ்க் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போடுங்கள். உறிஞ்சும் வாயை மிதவையில் கட்டி, பாசி படரும் மேற்பரப்புக்கு ஓரடிக்கு மேல் கீழே தொங்கவிடுங்கள். கழுவும் வேலை பாதியாவது குறையும்.

எப்போது கழுவுவது என்பதைக் கடிகாரம் சொல்லக்கூடாது, அழுத்தமானி சொல்ல வேண்டும். இரண்டு மானி வாங்கினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரே மானியை வைத்து, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கும்படி சின்ன வால்வு போடுவது நல்லது. சுத்தமாக இருக்கும்போது வேறுபாடு எவ்வளவு என்று பெட்டியில் எழுதி வையுங்கள், எங்களுக்கு 0.2 பார். அதற்கு மேல் 0.4 ஏறி 0.6 ஆனால் கழுவ வேண்டும். வாரக் கணக்கில் முள் அசையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். மணலில் ஓட்டை விழுந்து தண்ணீர் அதன் வழியே நேராகப் போகிறது, அல்லது டிஸ்க்கின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை.

இவ்வளவு செய்தும் களிமண் உள்ளே போகத்தான் செய்யும். அக்டோபர் மழையில் குளம் தேநீர் நிறமாகிறது. அந்தப் பொடி வடிகட்டியைத் தாண்டி, குழாயின் கடைசியில் ஓட்டம் மெதுவாகிற இடத்தில் படிகிறது. அதைக் குழாயின் முனையைத் திறந்து வெளியே தள்ளுவதுதான் ஒரே வழி. திறந்தால் போதாது, முனையில் தண்ணீர் நொடிக்கு 0.3 மீட்டராவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் படிந்தது படிந்தபடியே இருக்கும். 16 மில்லிமீட்டர் குழாய்க்கு இது நிமிடத்துக்கு 2.7 லிட்டர். அளப்பது சுலபம்: 1.5 லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் அரை நிமிடத்தில் நிறைந்தால் சரி. ஒரு நிமிடம் ஆனால் நீங்கள் கழுவவில்லை, செடிக்குத் தண்ணீர் விடுகிறீர்கள்.

30 முனைகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் எங்கள் பம்பால் அது ஆகாது, மணிக்கு கிட்டத்தட்ட 15 கன மீட்டர் கேட்கும். ஆறு ஆறாகத் திறந்தால் கூடுதலாக ஒரு கன மீட்டர்தான். எனவே ஆறு முனைகளை ஒரு சின்னக் குழாயில் சேர்த்து ஒரு வால்வு போட்டோம். பகுதிக்கு ஐந்து, மொத்தம் 15 வால்வு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்றால் வாரத்துக்கு அரை மணி நேரம். முதலில் முதன்மைக் குழாய், அப்புறம் துணைக் குழாய், கடைசியாக இவை. வரிசை மாறினால் பெரிய குழாயின் அழுக்கு கழுவிய சின்னக் குழாய்களில் ஏறும்.

முதல் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்ப்பதுதான் மச்சானுக்குப் பிடித்த வேலை. பழுப்புக் கலங்கல் வந்தால் களி, அடிக்கடி திறக்க வேண்டும். பச்சை நூல் வந்தால் வடிகட்டி எங்கோ விடுகிறது. கூரான மணல் வந்தால் தொட்டியின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கும், டிஸ்க்கும் சரியாக மூடவில்லை. பேக்வாஷ் வெளியேறும் முனையிலும் இதே மாதிரி என்ன வருகிறது என்று பார்க்க ஒரு பழைய நைலான் காலுறையைக் கட்டி, அதன் வால்வை மெல்லத் திறந்துகொண்டே போக வேண்டும். காலுறையில் மணல் விழ ஆரம்பித்ததும் ஒரு துளி மூடி, அந்த இடத்தில் வண்ணத்தால் கோடு போட்டு வைத்தோம். கழுவிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பாமல் வாழைப் பாத்திக்குப் போகிறது.